கேஷ் கணக்கு: எனக்கு 17 வருது, விடைக்குறிப்பில் 62. எங்கே இடிக்குது?

தொண்டி மூணாம் செமஸ்டர் · 12 நவம்பர், இரவு 9.40

மாதிரி வினாத்தாளில் வந்த கணக்கு. அப்படியே தட்டுகிறேன்.

கேஷ் 256 பைட், டைரக்ட் மேப்பிங், பிளாக் 16 பைட். முழு எண் ஒவ்வொன்றும் 4 பைட். `X`, `Y` இரண்டும் 64 எண் கொண்ட அரே. `X` 4096-ல் தொடங்குகிறது, அது முடிந்த உடனே 4352-ல் `Y`. முதலில் கேஷ் காலி. `s`, `i` இரண்டும் ரெஜிஸ்டரில். ஹிட் டைம் 2 நானோ செகண்ட், மிஸ் பெனால்டி 60 நானோ செகண்ட்.

```c
for (i = 0; i < 64; i++)
    s = s + X[i] * Y[i];
```

(அ) ஹிட் ரேஷியோ என்ன? (ஆ) சராசரி அணுகல் நேரம் என்ன? (இ) அதே 256 பைட்டை 2-வே செட் அசோசியேட்டிவ் ஆக்கி, எல்.ஆர்.யூ. வைத்து, ஹிட் டைம் 3 ஆனால் இரண்டும் எவ்வளவு?

நான் போட்டது: ஒரு பிளாக்கில் 4 எண். முதல் எண் மிஸ், அடுத்த மூன்றும் ஹிட். அதனால் 0.75. நேரம் `2 + 0.25*60 = 17`.

விடைக்குறிப்பில் (அ) 0, (ஆ) 62, (இ) 0.75, 18 என்று இருக்கு. (இ)-க்கு என் முறை அப்படியே ஒத்துப்போகுது. (அ)-வுக்கு மட்டும் பூஜ்யம் எப்படி? ஒரு ஹிட்கூட இல்லாமல் ஒரு கேஷா? அச்சுப்பிழை என்றுதான் தோணுது.

ஏர்வாடி சந்தனம் · 12 நவம்பர், இரவு 10.05

அச்சுப்பிழை இல்ல தங்கச்சி. `X` 256 பைட், `Y` 256 பைட், மொத்தம் 512. கேஷ் 256-தான். பாதிதான் கொள்ளும். கொள்ளாததைத் திணிச்சா எல்லாம் மிஸ்தான். 0 சரி.

மண்டபம் கேம்ப் · 12 நவம்பர், இரவு 10.50

விடை 0 சரி, சந்தனம் சொன்ன காரணம் சரியில்லை. (இ)-யிலும் கேஷ் அதே 256 பைட், தரவு அதே 512. அங்கே 0.75 வருகிறதே. இடப் பற்றாக்குறைதான் காரணம் என்றால் அங்கேயும் பூஜ்யம் வர வேண்டும்.

இந்த லூப்புக்கு மொத்த அரேயும் கேஷில் உட்கார வேண்டிய தேவையே இல்லை. ஒரு பிளாக் உள்ளே வந்தால் அடுத்தடுத்த நான்கு சுற்றுக்கு மட்டும் தங்கினால் போதும், அதற்குப் பிறகு அதை யாரும் கேட்கப்போவதில்லை. ஒரு நேரத்தில் வேண்டியது `X`-ல் ஒரு பிளாக், `Y`-ல் ஒரு பிளாக், ஆக 32 பைட்.

அப்புறம் ஏன் பூஜ்யம்? முகவரியை ஹெக்ஸில் எழுதுங்கள். 4096 என்பது `0x1000`, 4352 என்பது `0x1100`. பிளாக் 16 பைட், அதனால் கடைசி ஹெக்ஸ் இலக்கம் ஆஃப்செட். 256-ஐ 16-ஆல் வகுத்தால் 16 லைன், அதனால் கடைசிக்கு முந்தைய இலக்கம் இண்டெக்ஸ். மிச்சமெல்லாம் டேக். இந்தக் கணக்கில் எண்கள் இப்படி வாகாக அமைந்திருப்பதால் பிட் பிரித்து எழுத வேண்டியதே இல்லை, கண்ணாலேயே படிக்கலாம்.

`X[0]` என்பது `0x1000`: டேக் 10, இண்டெக்ஸ் 0.
`Y[0]` என்பது `0x1100`: டேக் 11, இண்டெக்ஸ் 0.
`X[5]` என்பது `0x1014`: டேக் 10, இண்டெக்ஸ் 1.
`Y[5]` என்பது `0x1114`: டேக் 11, இண்டெக்ஸ் 1.

எந்த `i` எடுத்தாலும் இரண்டும் ஒரே லைன், வேறு டேக். `X[0]` வந்து லைன் 0-ல் உட்காருகிறது. அடுத்த அணுகலே `Y[0]`, அது `X`-ஐ வெளியே தள்ளிவிட்டு உட்காருகிறது. அடுத்து `X[1]`. அது இருந்த பிளாக் இப்போதுதான் வெளியேறியது, திரும்பக் கொண்டுவர வேண்டும். 128 அணுகலும் இப்படியே போகும். உங்கள் 0.75 தனித்தனியாக `X` மட்டும் ஓடினால் சரி, `Y` மட்டும் ஓடினாலும் சரி. மாறி மாறி ஓடும்போது எடுபடாது.

தொண்டி மூணாம் செமஸ்டர் · 12 நவம்பர், இரவு 11.20

சரி, முதல் நான்கு சுற்றை எழுதிப் பார்த்தேன். லைன் 0-ல் டேக் 10, 11, 10, 11, 10, 11, 10, 11. எட்டும் மிஸ். புரியுது. நான் இரண்டு அரேயையும் தனித்தனிக் கணக்காகப் போட்டு ஒன்றாக ஒட்டிவிட்டேன்.

தேவிபட்டினம் 9 · 13 நவம்பர், காலை 7.15

ஒரு சந்தேகம். `X[0]`-க்கும் `Y[0]`-க்கும் இண்டெக்ஸ் ஒண்ணுதானே? `X[0]` ஏற்கெனவே அந்த லைனை நிரப்பிடுச்சு. அப்போ `Y[0]` அங்க போய்ப் பார்த்தா லைன் காலியா இல்ல, அதனால ஹிட் தானே? எனக்கு முதல் ஒண்ணைத் தவிர எல்லாமே ஹிட்டுன்னு வருது.

கீழக்கரை காக்கா · 13 நவம்பர், காலை 8.30

தம்பி, லைன் நிரம்பியிருந்தா போதாது, நாம கேட்டதுதான் அதுல இருக்கான்னு டேக் பார்க்கணும். ஜெட்டியில படகு கட்ட 16 குத்துக்கல் இருக்குன்னு வை. படகு எண்ணை 16-ஆல வகுத்த மீதிதான் அதுக்கான கல். 256-ம் எண் படகு, 272-ம் எண் படகு, ரெண்டுக்கும் மீதி 0. ரெண்டும் ஒரே கல்லுக்கு வரும். கல்லுல கயிறு கட்டியிருக்கு என்பதுக்காக அது உன் படகுன்னு ஏறிடுவியா? ஏறினா வேறொருத்தன் வலையைத்தான் இழுக்கணும்.

அந்த எண்களைச் சும்மா சொல்லல. 4096-ஐ 16-ஆல வகுத்தா 256, 4352-ஐ வகுத்தா 272. அதுதான் பிளாக் எண்.

தேவிபட்டினம் 9 · 13 நவம்பர், காலை 8.42

புரிஞ்சது காக்கா. ஆனா பாம்பன்ல எவனும் மீதி பார்த்துப் படகு கட்டுறதில்ல. எங்க இடம் இருக்கோ அங்கதான்.

கீழக்கரை காக்கா · 13 நவம்பர், காலை 8.50

அதுக்குப் பேரு ஃபுல்லி அசோசியேட்டிவ். ஆனா படகைத் தேட ஜெட்டி முழுக்க நடக்கணும்.

உச்சிப்புளி லினக்ஸ் · 13 நவம்பர், பகல் 1.10

நான் லேப்டாப்பில் ஓட்டியே பார்த்துட்டேன். அதே சி கோடு, லூப்பை லட்சம் தடவை சுற்றவிட்டு `perf stat -e L1-dcache-loads,L1-dcache-load-misses` போட்டால் மிஸ் ஒன்றுமே இல்லை, நூற்றுக்கு ஒன்றுகூட வரவில்லை. 0 ஹிட் என்பது காகிதத்தில்தான். விடைக்குறிப்பு தப்பு.

மண்டபம் கேம்ப் · 13 நவம்பர், மாலை 6.30

உச்சிப்புளி, `getconf LEVEL1_DCACHE_SIZE` என்று தட்டிப் பாருங்கள். 32768 அல்லது அதற்கு மேல் வரும். `getconf LEVEL1_DCACHE_LINESIZE` பெரும்பாலும் 64. உங்கள் இயந்திரத்தில் 512 பைட் தரவு எட்டே லைனில் அடங்கிவிடும். முதல் சுற்றில் எட்டு மிஸ், அதன்பின் லட்சம் சுற்றும் ஹிட். நீங்கள் அளந்தது சரியான அளவுதான், வேறு கேஷை அளந்திருக்கிறீர்கள். ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்திருந்தால் `s`, `i` இரண்டும் ஸ்டாக்கில் இருக்கும், அவற்றுக்கான அணுகலும் ஹிட்டாகக் கூடியிருக்கும். வினாவில் "ரெஜிஸ்டரில்" என்று சொல்லியிருப்பது அதற்காகத்தான்.

வினாவிலுள்ள கேஷைச் சரிபார்க்க அந்தக் கேஷையே எழுதி ஓட்டுவதுதான் வழி. இருபது வரி போதும்:

```python
def ottu(size, block, ways, trace):
    sets = size // block // ways
    cache = [[] for _ in range(sets)]
    hit = 0
    for a in trace:
        b = a // block
        s = cache[b % sets]
        if b in s:
            hit += 1
            s.remove(b)
        elif len(s) == ways:
            s.pop(0)
        s.append(b)
    return hit, len(trace)

t = []
for i in range(64):
    t += [4096 + 4*i, 4352 + 4*i]
print(ottu(256, 16, 1, t))
print(ottu(256, 16, 2, t))
```

முதல் வரி `(0, 128)`, இரண்டாவது `(96, 128)`. 96-ஐ 128-ஆல் வகுத்தால் 0.75. ஒவ்வொரு செட்டிலும் பட்டியலின் தலைப்பில் இருப்பது நெடுநேரம் தொடப்படாதது, அதுதான் வெளியேறும். டேக்கைத் தனியே பிரிக்காமல் முழுப் பிளாக் எண்ணையே வைத்திருக்கிறேன், விடை மாறாது.

மண்டபம் கேம்ப் · 13 நவம்பர், மாலை 6.45

மேலே விட்டுப்போனது. (இ)-யில் செட் எட்டுத்தான், 16 இல்லை. அதனால் `X[0]`, `Y[0]` இரண்டும் அங்கேயும் ஒரே செட்தான். மோதல் நீங்கவில்லை, மோதுகிற இரண்டுக்கும் இரண்டு இடம் கிடைத்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பரமக்குடி ரோடு டீச்சர் · 14 நவம்பர், இரவு 8.00

(ஆ) பற்றி யாரும் பேசவில்லையே. விடைத்தாள் திருத்தும்போது ஹிட் ரேஷியோ 0 என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, நேரம் 60 என்று எழுதுகிறவர்கள் நிறைய. `h*2 + (1-h)*60` என்ற வாய்ப்பாட்டில் போடுகிறார்கள். `h` பூஜ்யம் என்றால் 60.

இந்த வினாவில் அது தவறு. கொடுத்திருப்பது மிஸ் பெனால்டி. கேஷில் தேடிப் பார்த்து, இல்லை என்று தெரிந்தபின் கூடுதலாக ஆகிற நேரம் அது. தேடிய 2 நானோ செகண்ட் ஏற்கெனவே செலவாகிவிட்டது. ஹிட்டானாலும் மிஸ்ஸானாலும் அந்த 2 உண்டு. எனவே `2 + (1-h)*60`, விடை 62.

இரண்டு வாய்ப்பாட்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் எப்போதும் `(1-h)*2`. `h` 0.75 என்றால் அரை நானோ செகண்ட்: ஒன்றில் 17, மற்றதில் 16.5. மாணவர்கள் இதைத் தசமப் பிழை என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். ஹிட் குறையக் குறைய அது பெரிதாகி, இங்கே முழு 2 ஆகிவிடுகிறது. உங்கள் விடைக்கும் விடைக்குறிப்புக்கும் இடையிலுள்ள இடைவெளியை `(1-h)` பெருக்கல் ஹிட் டைமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சரியாக அதே எண் வந்தால் கணக்கு சரி, வாய்ப்பாடு மட்டும் மாறியிருக்கிறது என்று பொருள்.

இன்னொரு சோதனை. விடை 2-க்கும் 62-க்கும் நடுவில்தான் வர முடியும். 62-க்கு மேல் வந்தால் எதையோ இரண்டு முறை கூட்டியிருக்கிறீர்கள். ஹிட் ரேஷியோவை 128-ஆல் பெருக்கினால் முழு எண் வர வேண்டும். ஒருவர் 0.73 என்று எழுதினார். 128-ல் 0.73 என்றால் 93.44 ஹிட். அரைகுறை ஹிட் என்று ஒன்று கிடையாது.

தொண்டி மூணாம் செமஸ்டர் · 14 நவம்பர், இரவு 8.25

மேடம், வினாவில் "மிஸ் பெனால்டி" என்று இல்லாமல் "மெயின் மெமரி அணுகல் நேரம் 60" என்று மட்டும் இருந்தால்?

பரமக்குடி ரோடு டீச்சர் · 14 நவம்பர், இரவு 9.10

அங்கேதான் சிக்கல். கேஷையும் மெமரியையும் ஒரே நேரத்தில் தேடத் தொடங்குவதாக எடுத்துக்கொண்டால் மிஸ்ஸுக்கு மொத்தமே 60. கேஷைப் பார்த்துவிட்டுத்தான் மெமரிக்குப் போகிறது என்றால் 62. வினாவில் ஒரு சொல் குறிப்புக் கொடுத்திருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் "கேஷை முதலில் பார்த்தபின் மெமரி" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போடுங்கள். அந்த வரி இருந்தால் நான் மதிப்பெண் குறைப்பதில்லை. எல்லோரும் அப்படித் திருத்துவார்கள் என்று உறுதி சொல்ல முடியாது.

கீழக்கரை காக்கா · 14 நவம்பர், இரவு 9.40

அதுல இன்னொரு ஓட்டையும் இருக்கு மேடம். அந்த 60 ஒரு வேர்டுக்கா, பிளாக்குக்கா? பிளாக்குல நாலு வேர்டு. மெமரி ஒரு தடவைக்கு ஒரு வேர்டுதான் தருதுன்னா 240 ஆகும். அப்போ (ஆ) 242. வினா எழுதுறவங்க இதைச் சொல்லாம விட்டா மூணு விடைக்கு வழி இருக்கு.

பரமக்குடி ரோடு டீச்சர் · 14 நவம்பர், இரவு 9.55

ஆம். அதற்குத்தான் மிஸ் பெனால்டி என்ற சொல். மொத்தப் பிளாக்கையும் கொண்டுவந்து சேர்க்கிற செலவு அதற்குள் அடங்கிவிடுகிறது. இந்த வினாவை எழுதியவர் அந்த அளவில் கவனமாகவே இருந்திருக்கிறார்.

ஏர்வாடி சந்தனம் · 16 நவம்பர், காலை 10.20

இடப் பற்றாக்குறை காரணம் இல்லைன்னு ஒத்துக்கிறேன். அப்போ தீர்வு சுலபம்தானே. `X`-க்கும் `Y`-க்கும் நடுவுல ஒரே ஒரு முழு எண்ணை சும்மா வெச்சிட்டா போதும். `Y` 4356-ல தொடங்கும். மோதல் போயிடும். 0.75 கிடைச்சிடும்.

உச்சிப்புளி லினக்ஸ் · 16 நவம்பர், பகல் 12.05

ஓட்டினேன். 4356 வைத்தால் `(0, 128)`. மாற்றமே இல்லை.

மண்டபம் கேம்ப் · 16 நவம்பர், இரவு 7.40

நல்ல கேள்வி சந்தனம். இதைக் கையால் போட்டுப் பார்ப்பது பயன்.

`Y` நான்கு பைட் நகர்ந்தால் `Y[0]`, `Y[1]`, `Y[2]` மூன்றும் இன்னும் லைன் 0-ல்தான். `Y[3]` மட்டும் லைன் 1-க்குப் போகிறது. முதல் மூன்று சுற்றிலும் பழைய சண்டை அப்படியே. நான்காவது சுற்றில் `X[3]` வரும்போது லைன் 0-ல் இருப்பது `Y`, எனவே மிஸ். `Y[3]` புதிய லைனுக்குப் போகிறது, அதுவும் மிஸ். அடுத்து `X[4]` அதே லைன் 1-க்கு வந்து `Y`-ஐத் துரத்துகிறது. நகர்த்தியதில் கிடைத்த ஒரே வாய்ப்பும் வீணாகிவிடுகிறது.

எட்டு பைட் நகர்த்தினால் `Y[2]`, `Y[3]` லைன் 1-க்குப் போகும். `X[2]` மிஸ், `Y[2]` மிஸ், இப்போது இரண்டும் வேறு வேறு லைனில் நிம்மதியாக இருக்கின்றன, எனவே `X[3]`, `Y[3]` இரண்டும் ஹிட். எட்டு அணுகலுக்கு இரண்டு ஹிட். பன்னிரண்டு பைட் நகர்த்தினால் எட்டுக்கு நான்கு. பதினாறு பைட், அதாவது ஒரு முழுப் பிளாக் நகர்த்தினால்தான் எட்டுக்கு ஆறு.

ஆக 128-ல் ஹிட்: நகர்வு 0-க்கும் 4-க்கும் பூஜ்யம், 8-க்கு 32, 12-க்கு 64, 16-க்கு 96. நேரம் முறையே 62, 62, 47, 32, 17. உங்கள் யோசனையின் திசை சரி, அளவுதான் பற்றவில்லை. கடைசி வரிசையில் தொண்டித் தங்கை முதலில் போட்ட 17 அப்படியே வருகிறது, கவனித்தீர்களா? அவர் போட்டது `Y` 4368-ல் தொடங்கும் வேறொரு வினாவுக்கான விடை.

ஏர்வாடி சந்தனம் · 16 நவம்பர், இரவு 8.00

இடையில 16 பைட் வீணாக்கி, மொத்தம் எடுக்கிற இடம் இன்னும் கூடியிருக்கு. ஹிட் ஏறியிருக்கு. என் முதல் பதிலுக்கு இதைவிடப் பெரிய அடி வேண்டாம்.

தேவிபட்டினம் 9 · 17 நவம்பர், இரவு 9.30

மழை, கரண்ட் இல்ல, போனில் தட்டுறேன். இதே லூப்பை ரெண்டு தடவை ஓட்டுங்கன்னு வினா வந்தா? ரெண்டாவது தடவை எல்லாம் ஏற்கெனவே கேஷுல இருக்கும், அதனால 2-வேல முதல் சுற்று 96 ஹிட், ரெண்டாவது 128. மொத்தம் 224, 256-ல. 0.875. சரியா?

ஏர்வாடி சந்தனம் · 17 நவம்பர், இரவு 9.50

இப்போதான் தம்பி என் பழைய வாதம் எடுபடும்! 512 பைட் தரவு, 256 பைட் கேஷ். முதல் ஓட்டத்தின் முடிவுல கேஷுல இருப்பது ரெண்டு அரேயின் பின்பாதி. ரெண்டாவது ஓட்டம் முன்பாதியில தொடங்குது. அது வந்து பின்பாதியைத் துரத்தும். பின்பாதிக்குப் போகும்போது அது இருக்காது. மறுபடியும் 96-தான். 256-ல 192, அதே 0.75.

மண்டபம் கேம்ப் · 17 நவம்பர், இரவு 10.15

சந்தனம் இந்த முறை முழுக்கச் சரி. ஓட்டியும் பார்த்தேன், `t*2` கொடுத்தால் `(192, 256)`.

தேவிபட்டினம் சொன்ன 224 வேண்டுமானால் கேஷை 512 ஆக்க வேண்டும். அப்போது டைரக்ட் மேப்பிங்கே போதும் என்பது வேடிக்கை. லைன் 32 ஆகிறது, `X` லைன் 0 முதல் 15, `Y` லைன் 16 முதல் 31. மோதலே இல்லை. `(224, 256)`, மிஸ் ரேட் 0.125, நேரம் `2 + 0.125*60 = 9.5`. ஹிட் டைம் 2 என்பது 512-க்கும் மாறாது என்று எடுத்துக்கொண்டால்.

இராமேசுவரம் தீவு · 21 நவம்பர், மாலை 5.20

இழை முழுக்கப் படித்தேன். என்னிடம் இருப்பது கிட்டத்தட்ட இதே வினா, ஆனால் லூப்பில் ஒரு அரே கூடுதல். `Z[i] = X[i] + Y[i]`, `Z` 4608-ல் தொடங்குகிறது. கேஷ் 2-வே, 256 பைட், எல்.ஆர்.யூ. ஹிட் ரேஷியோ கேட்கிறார்கள். என் நண்பன் 0.75 என்கிறான். மூன்று அரேக்கும் நான்கில் மூன்று என்கிறான். எனக்கு 0 வருகிறது. விடைக்குறிப்பு கிடைக்கவில்லை.

கீழக்கரை காக்கா · 21 நவம்பர், இரவு 7.00

4608 என்பது `0x1200`. மூணும் ஒரே செட். இடம் ரெண்டு, ஆள் மூணு. `X` வருது, `Y` வருது, `Z` வந்து பழசான `X`-ஐத் தள்ளுது. அடுத்து `X` வந்து `Y`-ஐத் தள்ளுது. அடுத்து `Y` வந்து `Z`-ஐ. யாரை இப்போ வேணுமோ அவரைத்தான் எல்.ஆர்.யூ. சரியா அதுக்கு முந்தி வெளியேத்தியிருக்கும். 192 அணுகல், 0 ஹிட். உங்க விடைதான் சரி.

பரமக்குடி ரோடு டீச்சர் · 21 நவம்பர், இரவு 8.35

அவசரப்பட வேண்டாம். `Z` எழுதப்படுகிறது, படிக்கப்படவில்லை. எழுதும்போது மிஸ்ஸானால் அந்தப் பிளாக்கைக் கேஷுக்குள் கொண்டுவருவதா, இல்லை நேராக மெமரியில் எழுதிவிடுவதா? ரைட் அலொகேட் என்றால் காக்கா சொன்னபடி 0. நோ ரைட் அலொகேட் என்றால் `Z` கேஷுக்குள் நுழைவதே இல்லை. `X`, `Y` இரண்டும் இரண்டு இடத்தில் சண்டையின்றி இருந்து 96 ஹிட் தரும். `Z`-ன் 64 எழுத்தும் மிஸ். 192-ல் 96, ஆக 0.5.

வினாவில் ரைட் பாலிசி சொல்லியிருக்கிறதா?

இராமேசுவரம் தீவு · 21 நவம்பர், இரவு 8.50

"ரைட் த்ரூ" என்று மட்டும் இருக்கிறது மேடம்.

மண்டபம் கேம்ப் · 21 நவம்பர், இரவு 10.10

ரைட் த்ரூ என்பது ஹிட்டானபோது என்ன செய்வது என்பதைத்தான் சொல்கிறது. மிஸ்ஸானால் என்ன என்பதற்கு அது பதில் இல்லை. ரைட் த்ரூவோடு நோ ரைட் அலொகேட்டைச் சேர்ப்பது வழக்கம், எனவே நான் 0.5 பக்கம் சாய்வேன். ஆனால் இரண்டையும் மாற்றிச் சேர்த்த வடிவமைப்பும் உண்டு, வழக்கத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

நண்பனின் 0.75 மட்டும் எந்த வழியிலும் வராது.

கீழக்கரை காக்கா · 21 நவம்பர், இரவு 10.30

எனக்கு இன்னும் 0-தான். பாலிசி சொல்லாத வினாவுல எழுத்தையும் படிப்பையும் ஒண்ணாத்தான் எண்ணச் சொல்லியிருப்பாங்க. இல்லைன்னா `Z`-ஐ எதுக்கு வேணும்னே 4608-ல கொண்டுபோய் வைக்கணும்? மூணும் மோதணும்னுதான் வெச்சிருக்காங்க.

பரமக்குடி ரோடு டீச்சர் · 22 நவம்பர், காலை 6.40

வைத்தவரின் எண்ணம் அதுவாக இருக்கலாம். அரே மூன்றையும் அடுத்தடுத்து அறிவித்தாலே `Z` 4608-ல்தான் வந்து நிற்கும், அதற்குத் திட்டம் எதுவும் வேண்டியதில்லை. தம்பி, தேர்வில் இது வந்தால் எந்த பாலிசியை எடுத்துக்கொண்டீர்கள் என்பதை முதல் வரியில் எழுதுங்கள்.

இராமேசுவரம் தீவு · 22 நவம்பர், காலை 7.05

இந்த வினாவின் அடுத்த பகுதி சராசரி நேரம் கேட்கிறது. 0.5 என்று எடுத்தால் `Z`-ன் மிஸ்ஸுக்கும் அதே 60 போடுவதா? பிளாக்கைக் கொண்டுவருவதே இல்லையே.

மண்டபம் கேம்ப் · 22 நவம்பர், இரவு 9.15

அதுதான் இடறுகிற இடம். எழுதிய வேர்டு ரைட் பஃபரில் விழுந்துவிட்டால் ப்ராசஸர் காத்திருக்கவே வேண்டாம், செலவு ஹிட் டைம் அளவுதான். பஃபர் இல்லை என்றால் ஒரு வேர்டு மெமரிக்குப் போய்ச் சேரும் நேரம் முழுக்கக் காத்திருக்க வேண்டும், அந்த எண் வினாவில் தனியாகக் கொடுத்திருக்க வேண்டும். படிப்பு மிஸ் 32-க்கு 60 போடுவதில் சந்தேகமில்லை. எழுத்து மிஸ் 64-க்கு என்ன போடுவது என்பதற்கு, நீங்கள் தட்டியிருக்கும் வரை பார்த்தால், வினாவில் விடை இல்லை. முழு வினாவையும் படம் எடுத்துப் போட முடியுமா? ஹிட் டைம் எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள் என்றும் தெரிய வேண்டும்.

இராமேசுவரம் தீவு · 23 நவம்பர், காலை 9.00

தாள் நண்பனிடம் இருக்கிறது. திங்கள் வாங்கிப் போடுகிறேன்.